திரையில் A, கையில் B

8BitDo ப்ரோ 2 பேடில் A வலப்பக்கம், B கீழே. இது நின்டெண்டோ முறை. எக்ஸ்பாக்ஸில் இரண்டும் இடம் மாறியிருக்கும். பேடின் பின்புறச் சுவிட்சை X-இல் வைத்தால் கணினி அதை எக்ஸ்பாக்ஸ் பேடாகவே பார்க்கிறது. கேம் A-வை அழுத்தச் சொல்வது கீழ்ப் பட்டனை. நாமோ வலப்பக்கம் அழுத்தி மெனுவைவிட்டு வெளியேறுகிறோம்.

பலர் உடனே ஃபர்ம்வேரைச் சந்தேகிக்கிறார்கள். புதுப்பிப்பது நல்லதுதான்; இணைப்பு அறுந்து அறுந்து போனால் அதுவே முதல் வேலை. தயாரிப்பாளரின் மென்பொருளை இறக்கி, டேட்டா செல்லும் யுஎஸ்பி கேபிளில் பேடைச் செருகுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் பேடே தென்படாது. பாதியில் பிடுங்காதீர்கள். ஆனால் திரைப்படங்கள் பெரும்பாலும் இதனால் மாறுவதில்லை. எந்தப் படத்தைக் காட்டுவது என்பது கேமின் முடிவு.

உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க, விண்டோஸின் ரன் பெட்டியில் `joy.cpl` என்று தட்டி, பேடின் ப்ராபர்ட்டீஸைத் திறந்து, கீழ்ப் பட்டனை அழுத்துங்கள். X நிலையில் எண் 1 ஒளிர்ந்தால் அது எக்ஸ்பாக்ஸின் A, பேடில் கோளாறில்லை. பட்டனில் அச்சிட்ட எழுத்துப்படியே வேலை செய்ய வேண்டுமானால், பேடின் மென்பொருளில் A–B, X–Y ஜோடிகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டீமிலும் அதே மாற்றத்தைச் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். ஓர் இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.