மூட்டையின் பின்பக்கம்

நண்பர் வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று நாலு மாத லாப்ரடார் குட்டி. இன்னொன்று பதினோரு வருடமாக அந்த வீட்டு வாசலைக் காத்துவரும் நாட்டு நாய், மணி. போன மாதம் போயிருந்தபோது கூடத்தில் பத்து கிலோ மூட்டை ஒன்று நின்றது. "ரெண்டுக்கும் சேர்த்து ஒரே மூட்டையா வாங்கிட்டேன். சிக்கன், காய்கறி எல்லாம் இருக்காம்" என்றார். முன்பக்கத்தில் பளபளவென்று வறுத்த கோழித் தொடை, பக்கத்தில் கேரட்டும் பட்டாணியும். மேலே பெரிய எழுத்தில் "பப்பி". நான் மூட்டையைத் திருப்பிப் போட்டேன். நாய்க்குப் போய்ச் சேரும் விஷயம் பின்பக்கத்தில்தான், அதுவும் பொடி எழுத்தில் இருக்கும்.

முதலில் படிக்க வேண்டியது 'இன்கிரீடியன்ட்ஸ்' பட்டியல். கலக்கும்போது எது அதிக எடையோ அது முதலில், அடுத்தது அதற்குப் பிறகு என்ற வரிசையில் இதை எழுதுவது வழக்கம். நண்பரின் மூட்டையில் இப்படி இருந்தது: சீரியல்ஸ் அண்ட் சீரியல் பை-பிராடக்ட்ஸ், சிக்கன் அண்ட் சிக்கன் பை-பிராடக்ட்ஸ், சோயா மீல், மெய்ஸ் குளூட்டன், ரைஸ் பிரான், தாவர எண்ணெய், உப்பு, அப்புறம் தாதுக்கள், காய்ந்த கேரட், பட்டாணிப் பொடி, வைட்டமின்கள். முதல் இடம் தானியத்துக்கு. கோழி இரண்டாவது.

"பை-பிராடக்ட்னா கழிவுதானே?" என்று நண்பர் முகம் சுளித்தார். அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஈரல், நுரையீரல், மண்ணீரல், குடல் எல்லாமே அந்தச் சொல்லுக்குள் வரும். சுவரொட்டியைக் கேட்டு வாங்கிப் போகிற ஊரில் இருந்துகொண்டு நாய்க்கு அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. நான் பார்ப்பது, எந்த உயிரினம் என்று பெயர் இருக்கிறதா என்பதைத்தான். 'சிக்கன் பை-பிராடக்ட்' என்றால் கோழி என்றாவது தெரிகிறது. வெறும் 'மீட் பை-பிராடக்ட்' என்றால் இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று இருக்கலாம். மாட்டிறைச்சியோ கோழியோ ஒத்துக்கொள்ளாமல் சொறியும் நாயை வைத்திருப்பவருக்கு அந்தப் பட்டியலால் பயனில்லை.

'சிக்கன் மீல்' என்ற பெயரிலும் பலர் ஏமாறுகிறார்கள், அதுவும் தலைகீழாக. பச்சைக் கோழி உசத்தி, மீல் மட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீனுக்கும் கருவாட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. பச்சைக் கோழி இறைச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். மீல் என்பது வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து, உலர்த்தி அரைத்த பொடி. எடைக்கு எடை பார்த்தால் இதில்தான் புரதம் பல மடங்கு.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கடையில் இன்னொரு மூட்டை, விலை இரண்டு மடங்கு. பட்டியலில் முதல் பெயரே 'ஃப்ரெஷ் சிக்கன்'. அதற்குப் பிறகு மக்காச்சோளம், நொய்யரிசி, மெய்ஸ் குளூட்டன். நூறு கிலோ கலவையில் கோழி 20 கிலோ, சோளம் 15, நொய் 14, குளூட்டன் 10 என்று வைத்துக்கொள்வோம். கோழிக்குத்தான் முதலிடம், பொய் இல்லை. ஆனால் அந்த 20 கிலோ காய்ந்தால் மிஞ்சுவது 6 கிலோ. தானிய வகைகள் மூன்றும் சேர்ந்து 39 கிலோ, அவற்றில் தண்ணீர் கொஞ்சம்தான். சோளத்தையும் அதன் குளூட்டனையும் தனித்தனிப் பெயரில் எழுதியதால் ஒவ்வொன்றும் கோழிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரே தானியம் இரண்டு மூன்று பெயரில் வந்தால் அவற்றை மனதுக்குள் கூட்டிக்கொண்டு வரிசையைத் திரும்பப் படிக்க வேண்டும்.

அடுத்து அட்டவணை. நண்பரின் மூட்டையில் 'க்ரூட் புரோட்டீன்' 24 சதவீதம், கொழுப்பு 10, நார் 5, ஈரம் 12. "இருபத்திநாலு நல்ல நம்பர்தானே?" என்றார். நம்பர் நல்லதுதான். அது எங்கிருந்து வந்தது என்பதை அந்த நம்பர் சொல்லாது. ஆய்வகத்தில் நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். ஈரலில் இருந்து வந்த நைட்ரஜனா, சோயாவில் இருந்து வந்ததா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. இந்த ஓட்டை வழியாகத்தான் 2007-இல் பெரிய விபரீதம் நடந்தது. சீனாவிலிருந்து போன கோதுமை குளூட்டனில், புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்காக மெலமைன் என்ற நைட்ரஜன் மிகுந்த ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தத் தீவனத்தைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன.

கலப்படம் இல்லாவிட்டாலும், இந்த 24-இல் கணிசமான பங்கு சோயாவும் குளூட்டனும் கொடுத்தது. பட்டியலில் அவை இருக்கும் இடமே அதைக் காட்டுகிறது. தாவரப் புரதம் விஷமல்ல. ஆனால் தனியாகப் பார்த்தால் சோள குளூட்டனில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, சோயாவில் மெத்தியோனின் குறைவு. கம்பெனி அதைக் கணக்குப் பார்த்து ஈடுகட்ட வேண்டும்.

'ஃபில்லர்' என்ற சொல்லைக் கடைக்காரர்கள் கண்டபடி வீசுகிறார்கள். அரிசி, சோளம் எல்லாமே வயிற்றை நிரப்பும் சக்கை என்று சொல்லி, 'கிரெய்ன்-ஃப்ரீ' மூட்டையைக் கையில் திணிப்பார்கள். நாய் ஓநாய் அல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்க்கு அது பல பிரதிகளாகப் பெருகியிருப்பதை 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நன்றாக வெந்த அரிசி நாய்க்கு உணவுதான். மணி இத்தனை வருடம் வளர்ந்ததே அதில்தான். தானியத்தை எடுத்துவிட்டுப் பட்டாணி, பருப்பைக் கொட்டிய தீவனங்களுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணையே தொடங்கியது. காரணம் இதுதான் என்று அது உறுதியாகவில்லை. ஆனால் தானியம் இல்லை என்பதற்காக இரட்டை விலை கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நான் ஃபில்லர் என்று சொல்வது தவிடு, உமி, தோல் வகையறாக்களை. பட்டியலின் முதல் ஐந்தாறு பெயரில் அவை இருந்து, நார் 5 சதவீதத்தைத் தாண்டினால் விடையை நாயின் சாணமே சொல்லிவிடும். தின்றதற்கு மேல் போகிறதோ என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பெரிய குவியல், ஒரு நாளைக்கு நாலைந்து முறை. பீட் பல்ப் மட்டும் விதிவிலக்கு. பீட்ரூட் இனச் சக்கைதான் என்றாலும், அளவாகச் சேர்த்தால் குடலுக்கு நல்லது.

அந்தக் கேரட், பட்டாணி? இதற்கு உப்பைத் தேடுங்கள். உலர் தீவனத்தில் சேர்க்கும் உப்பு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள்தான். அதற்குப் பின்னால் எழுதியிருப்பது எல்லாம் அதைவிடக் குறைவு. நண்பரின் மூட்டையில் காய்கறி உப்புக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கப் படத்தில் இருந்த கேரட்டே அதிகம்.

டப்பாவில், பவுச்சில் வரும் ஈரத் தீவனத்தை மூட்டையோடு ஒப்பிடும்போது ஈரத்தைக் கழித்தாக வேண்டும். பவுச்சில் புரதம் 7 சதவீதம் என்று பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பாதீர்கள். ஈரம் 80 என்றால் மீதி 20-இல்தான் அந்த 7, ஆக 35 சதவீதம். நண்பரின் மூட்டையில் 88-க்கு 24, கிட்டத்தட்ட 27.

இந்த 27-ஐ வைத்துக்கொண்டு குட்டிக்கு வருவோம். உலகம் முழுதும் கம்பெனிகள் கைகாட்டும் அளவுகோல், அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வெளியிடும் பட்டியல். ஈரம் கழித்த கணக்கில் வளரும் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதப் புரதம், வளர்ந்த நாய்க்கு 18. நண்பரின் மூட்டை தேறிவிடுகிறது. ஆனால் லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிக்குப் புரதத்தைவிடக் கால்சியத்தில்தான் கவனம் வேண்டும். பெரிய குட்டிகள் சின்ன வயதில், வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே தடுத்து வெளியேற்றத் தெரியாதவை. வந்ததை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். அதனால் அவற்றுக்குக் கீழ்வரம்பு 1.2 சதவீதம், மேல்வரம்பு 1.8.

மூட்டையில் 'கால்சியம் 1.2 மின்' என்று இருந்தது. மின் என்றால் குறைந்தபட்சம். உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். இதற்காகத்தான் ஒரு வாக்கியத்தைத் தேட வேண்டும்: 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு ஃபார் க்ரோத்', கூடவே 70 பவுண்டு, அதாவது 32 கிலோ அளவுக்கு வளரும் நாய்களும் இதில் அடங்கும் என்ற சொற்கள். 'அடல்ட் மெயின்டனன்ஸ்' என்று இருந்தால் குட்டிக்கு ஆகாது. 'காம்ப்ளிமென்டரி' என்றால் அது முழு உணவே அல்ல. ஆஃப்கோ எந்த மூட்டையையும் சோதித்துச் சான்று தருவதில்லை, கம்பெனிதான் அந்த அளவுகளை எட்டுவதாகச் சொல்லிக்கொள்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். நண்பரின் மூட்டையில் 'க்ரோத்' இருந்தது, பெரிய இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு உண்மையான கால்சியம் அளவைக் கேட்கச் சொன்னேன். பதில் 1.5 என்று வந்தது. ஈரம் கழித்தால் 1.7. தப்பித்தது.

அலமாரியில் கால்சியம் டானிக் பாட்டில் ஒன்று பாதி காலியாக நின்றது. குட்டி என்றாலே டானிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். ஏற்கெனவே 1.7 இருக்கும் உணவின் மேல் அதை ஊற்றினால் மேல்வரம்பைத் தாண்டுவது நிச்சயம். அன்றே நிறுத்தினார்.

மணிக்கு இதே மூட்டை சரிவருமா? ஆஃப்கோவில் 'சீனியர்' என்று தனி அளவுகோலே கிடையாது. அந்தச் சொல்லைப் போட்டு விற்கும் மூட்டைகளில் ஒன்றில் புரதம் குறைவு, இன்னொன்றில் அதிகம், கலோரி இஷ்டத்துக்கு. வயதான நாய்க்குப் புரதம் கெடுதல் என்பது பழைய பயம். சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை கிழட்டு நாய்க்கும் நல்ல புரதம் வேண்டும், இல்லாவிட்டால் தொடைச்சதை கரைந்துவிடும். குறைக்க வேண்டியது பாஸ்பரசும், உடம்பு போட்ட நாயாக இருந்தால் கலோரியும். இரண்டுமே குட்டித் தீவனத்தில் அதிகம். மணிக்கு ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் சரியாக இருந்தது. அதனால் பெயர் சொன்ன இறைச்சி முதலில் இருந்து, பாஸ்பரஸ் அளவையும் அச்சிட்டிருந்த ஒரு அடல்ட் மூட்டையை வாங்கினோம். மூட்டுக்கு நல்லது என்று குளுக்கோசமைன் போட்ட சீனியர் மூட்டையும் அங்கே இருந்தது. உப்பைத் தேடினேன். குளுக்கோசமைன் அதற்குப் பின்னால்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மூட்டையைப் பிரித்து அரைக் கிலோ, ஒரு கிலோ என்று லூஸில் விற்கும் தீவனத்தை வாங்காதீர்கள். காற்றுப் பட்டுக் கொழுப்பு காறிப்போவது ஒரு பக்கம். நான் மேலே சொன்ன எதையும் படித்துப் பார்க்க அந்தப் பாலிதீன் பையில் ஒரு எழுத்துகூட இருக்காது.