பத்தில் எட்டு எங்கே?

2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது அரசுகள் எல்லாம் வாங்கிக் குவித்த மருந்து டாமிஃப்ளூ. பிரிட்டன் மட்டும் அதற்கு 42 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தது. அந்த ஆண்டில் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் கெய்ஜி ஹயாஷி, காக்ரேன் அமைப்புக்கு ஒரு கேள்வி அனுப்பினார். சிகிச்சைகள் பற்றி வெளிவந்த சோதனைகளைத் திரட்டி, முறைப்படி மீளாய்வு செய்யும் அமைப்பு அது.

டாமிஃப்ளூ நிமோனியா போன்ற சிக்கல்களைத் தடுக்கிறது என்று காக்ரேன் சொல்லியிருந்தது. அதற்கு ஆதாரம் 2003-இல் வந்த ஒரே கட்டுரை. அது 10 சோதனைகளைக் கூட்டிக் கணக்கிட்டது. அவற்றில் ஆய்விதழ்களில் முழுதாக வெளியானவை இரண்டுதான். மற்ற எட்டையும் பார்க்காமல் எப்படி நம்பினீர்கள் என்பதே ஹயாஷியின் கேள்வி.

முறைப்படியான மீளாய்வு என்பது கிடைத்த கட்டுரைகளைப் படித்துச் சுருக்குவதல்ல. தேடத் தொடங்கும் முன்பே கேள்வியை எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும்: யாருக்கு, எந்த மருந்து, எதனோடு ஒப்பிட்டு, எந்தப் பலன்? எந்த ஆய்வு உள்ளே, எது வெளியே என்ற விதியும் அப்போதே எழுதப்படும். முடிவைப் பார்த்த பிறகு விதியை வளைக்க வழியிருக்கக் கூடாது. பிறகு தேடல். எளிமையாகச் சொன்னால், தரவுத்தளத்தில் தட்டும் வரி இப்படி இருக்கும்:

```
(oseltamivir OR Tamiflu) AND (influenza OR flu)
```

மருந்தின் வேதிப்பெயர், வணிகப்பெயர், நோயின் மாற்றுப்பெயர் என எதையும் விடக்கூடாது. வந்து விழும் தலைப்புகளை இருவர் தனித்தனியே சலிப்பார்கள். கருத்து மோதினால் பேசித் தீர்ப்பார்கள்.

எவ்வளவு கவனமாகத் தட்டினாலும், அச்சேறாத ஆய்வு இந்த வலையில் சிக்காது. நல்ல பலன் காட்டிய சோதனை எளிதில் அச்சேறும், காட்டாதது அலமாரியில் தூங்கும். அச்சில் வந்ததை மட்டும் கூட்டினால் எந்த மருந்தும் இருப்பதைவிட நல்லதாகவே தெரியும். டாம் ஜெஃபர்சனின் காக்ரேன் குழு 2003 கட்டுரையாளர்களைக் கேட்டது. தரவு அவர்களிடம் இல்லை. தயாரிப்பாளரான ரோச் நிறுவனத்திடமிருந்து முழு அறிக்கைகள் கைக்கு வர 2013 ஆகிவிட்டது. இந்த முறை குழு தன் விதியை இறுக்கிக்கொண்டது: முழு அறிக்கை இருந்தால்தான் சோதனை உள்ளே. டாமிஃப்ளூவுக்கு 20 சோதனைகள் தேறின.

அடுத்தது, உள்ளே வந்த ஒவ்வொன்றிலும் முடிவை ஒரு பக்கமாகச் சாய்க்கக்கூடிய ஓட்டை உண்டா என்று சோதிப்பது. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது குலுக்கலில் தீர்ந்ததா? நோயாளிக்கு அது தெரிந்துவிட்டதா? பாதியில் விலகியவர்கள் கணக்கில் உண்டா? பலனை அளந்தது எப்படி?

இந்தக் கடைசிக் கேள்விதான் நிமோனியாவில் உண்மையைக் காட்டியது. நோயாளி சொன்னதை மருத்துவர் குறித்துக்கொண்ட, வேறெந்த வகையிலும் உறுதி செய்யப்படாத நிமோனியாவை எண்ணினால், மருந்து நூறு பேரில் ஒருவரைக் காத்தது போலத் தெரிந்தது. விரிவான நோயறிதல் படிவம் வைத்திருந்த ஐந்து சோதனைகளை மட்டும் எடுத்தால், குறிப்பிடத்தக்க பலன் இல்லை. சாய்வு என்றால் யாரோ பொய் சொன்னார்கள் என்று பொருளல்ல. அளவுகோல் தளர்வாக இருந்தாலே போதும்.

கடைசியில், கிடைத்த விடையை எவ்வளவு நம்பலாம்? கிரேடு என்ற முறையில் உயர்வு, மிதம், குறைவு, மிகக் குறைவு என நான்கு படிகள். குலுக்கல் சோதனைகள் மேல்படியில் தொடங்கும். சாய்வு, ஆய்வுகளுக்குள் முரண், கேள்விக்கு நேராகப் பொருந்தாமை, துல்லியக் குறைவு, வெளியாகாத ஆய்வுகள் பற்றிய சந்தேகம் ஆகிய ஐந்தில் எது இருந்தாலும் படி இறங்கும். துல்லியக் குறைவுக்கு இதிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2014 மீளாய்வில் மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்கள், மருந்து உண்டவர்களில் 1.7 சதவீதம், வெற்று மாத்திரை உண்டவர்களில் 1.8. கணக்குப்படி ஆயிரம் பேரில் ஒன்பது பேர் வரை குறைந்திருக்கலாம், எட்டு பேர் வரை கூடியும் இருக்கலாம். இப்படி இரு திசையிலும் நீளும் இடைவெளியை வைத்துக்கொண்டு “சேர்க்கையைத் தடுக்கிறது” என்று சொல்ல முடியாது. “தடுக்கவே தடுக்காது” என்றும் அடித்துச் சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிந்தது, காய்ச்சல் அறிகுறிகள் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைந்தன என்பதும், குமட்டலும் வாந்தியும் கூடின என்பதும்.

விவாதம் அதோடு தீரவில்லை. 2015-இல் லான்செட்டில் வந்த மற்றொரு தொகுப்பு, மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததாகச் சொன்னது. அவர்கள் சோதனையில் ஃப்ளூ கிருமி உறுதியானவர்களை மட்டும் எண்ணினார்கள்; காக்ரேன் குழு மருந்து கொடுக்கப்பட்ட அனைவரையும் எண்ணியது. கிளினிக்கில் சீட்டு எழுதும் மருத்துவருக்குப் பெரும்பாலும் அந்தச் சோதனை முடிவு கையில் இருக்காது. அதனால் எனக்குக் காக்ரேனின் எண்ணிக்கையே நியாயமாகப் படுகிறது. கிருமி உறுதியானவர்களிடமும் சேர்க்கை குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2023-இல் 15 சோதனைகளைக் கூட்டிய இன்னொரு மீளாய்வு வந்தது.