மே நான்கா, ஏப்ரல் ஐந்தா?

கரூரில் திரைச்சீலை தயாரிக்கும் ஓர் ஏற்றுமதியாளர், நியூயார்க்கில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 04/05/2025 அன்று கப்பலேறும், தொகை $1,25,000 என்கிறது கடிதம். எழுதியவர் மனத்தில் இருப்பது மே 4. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவதால், படிப்பவருக்கு அது ஏப்ரல் 5. இடையில் 29 நாட்கள்!

25/05/2025 என்று இருந்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. 25-ஆவது மாதம் கிடையாதே, படிப்பவரே புரிந்துகொள்வார். மாதத்தின் முதல் 12 தேதிகள்தான் ஆபத்தானவை. 04/04 போல இரண்டு எண்ணும் ஒன்றாக வரும் நாட்களைக் கழித்தால், ஆண்டுக்கு 132 நாட்கள் இப்படி இரண்டு அர்த்தம் தரும்.

எக்செல்லில் இந்தக் குழப்பத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் 04/05/2025 என்று அடித்தால், அது சத்தமில்லாமல் ஏப்ரல் 5 ஆகிவிடும். 25/05/2025 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் நிற்கும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், வலப்பக்கம் இருப்பவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிழை என்று தெரியாத பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடிதத்தில் மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் போதும்: 4 May 2025. அட்டவணைக்கும் கோப்புப் பெயருக்கும் 2025-05-04 என்ற வடிவம் நல்லது. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் முறை இது. கோப்புகளைப் பெயர்வாரியாக அடுக்கினாலே அவை கால வரிசையில் வந்துவிடும்.

இனி தொகை. 1,25,000 என்பது நமக்கு ஒன்றேகால் லட்சம். மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துப் பழகியவருக்கோ, நடுவில் ஓர் எண் விடுபட்டதுபோல் தோன்றும். டாலர் குறியும் தனியாகப் போதாது. சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்கூட டாலர்தான். USD 125,000 என்று எழுதினால் இரண்டு சந்தேகமும் தீரும். உள்ளூர் வங்கிக்கு எழுதும் ரூபாய்க் கடிதத்தில் ₹1,25,000 என்பதே சரி. ஒரே கடிதத்தில் இரண்டு முறையையும் கலப்பதுதான் தவறு.

நேரத்துக்கு ஊர் வேண்டும். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அங்கே ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள், இங்கே மாற்றுவதில்லை. ஆகவே பேசும் நேரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலும் எழுதிவிடுவதே பத்திரம். நண்பகலையும் நள்ளிரவையும் 12 என்ற எண்ணோடு விடாமல் noon, midnight என்றே சொல்லிவிடலாம்.

அடுத்த கடிதத்தை அனுப்பும் முன், அதில் சாய்கோடு எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். தேதிக்குள் அது இருந்தால், எடுத்துவிட்டு மாதத்தின் பெயரை எழுதுங்கள்.