ஒரு ‘ட்’டும் ஒரு மருத்துவ மாணவரும்

மட்டையைக் குறிக்கும் ‘பேட்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் நாக்கு நுனி மேலண்ணத்தில் ஒட்டி மூச்சை அடைக்கும். அதை விடுவித்தால் சின்னதாக ஒரு வெடிப்பு கேட்கும். நம்மூரில் அது போதாதென்று ஓர் உகரத்தையும் ஒட்டி ‘பேட்டு’ என்போம். அமெரிக்கர்கள் நேரெதிர்: சாதாரணப் பேச்சில் பெரும்பாலும் அடைத்த இடத்திலேயே சொல்லை முடித்துவிடுவார்கள். அதனால் அங்கே யாராவது அந்த வெடிப்பைத் தெளிவாக விட்டால் கேட்பவர் காதில் அது தனியாக விழும்.

ராபர்ட் பொடெஸ்வா என்ற மொழியியலர் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்தபோது, ஒரே ஆளை வெவ்வேறு இடங்களில் பின்தொடர்ந்தார். அந்த ஆளுக்கு அவர் வைத்த பெயர் ஹீத். மருத்துவ மாணவர், தன்பால் ஈர்ப்பாளர். நண்பர்களோடு தோட்டத்தில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும்போது, அப்பாவோடு தொலைபேசியில் பேசும்போது, மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்கும்போது என மூன்று இடத்துப் பேச்சும் பதிவாயின.

மருத்துவமனையில் ஹீத் ‘ட்’டை அடிக்கடி வெடிக்கவிட்டார். நண்பர்களிடம் அந்த வழக்கம் குறைந்தது. எத்தனை முறை என்று எண்ணுவதோடு நின்றிருந்தால், ‘வேலை இடத்தில் திருத்தமான பேச்சு, வீட்டில் சாவகாசப் பேச்சு’ என்று எழுதி ஆய்வை மூடியிருக்கலாம். பொடெஸ்வா நிற்கவில்லை. ஒலிப்பதிவைக் கணினியில் விரித்து, ஒவ்வொரு வெடிப்பும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று அளந்தார். கணக்கு அங்கே புரண்டது. நண்பர்களிடம் வெடிப்புகள் குறைவுதான், ஆனால் வந்தவை மருத்துவமனையில் வந்தவற்றைவிட நீளமானவை. கவனமாகப் பேசுகிறவர் தெளிவுக்காக விடும் வெடிப்பு அல்ல அது. கவனத்தையே மிகைப்படுத்திக் கேலி செய்வது. ‘எனக்கு எதுவும் சுத்தபத்தமாக இருக்க வேண்டும், தெரிகிறதா?’ என்று உதட்டைச் சுழிக்கும் ஒரு ராணித் தோரணை. நண்பர்கள் கூட்டத்தில் அவர் குரலைக் கீச்சென்று மேலேற்றிப் பேசுவதும் கூடியது. அந்தக் கீச்சுக்குரல் மற்ற இடங்களைவிட நீளமாகவும் உயரமாகவும் ஒலித்தது. இரண்டும் சேர்ந்தே அந்த ராணியை உருவாக்கின. ‘ட்’ மட்டும் வந்திருந்தால் அவள் வந்திருக்கமாட்டாள்.

மருத்துவமனையில் அதே ‘ட்’ நிதானமான, நம்பத்தகுந்த மருத்துவரைக் காட்டியது. அப்படியானால் அந்த ஒலிக்கு என்னதான் பொருள்?

அகராதியில் இருப்பதுபோல் ஒற்றைப் பொருள் இல்லை என்பதே பதில். புகையைக் கண்டால் நெருப்பு நினைவுக்கு வருவதுபோல, ஓர் ஒலி அதைப் பழகியவர்களைச் சுட்டுகிறது. மொழியியலர்கள் இதைச் சுட்டுமை என்கிறார்கள். நம் இலக்கணத்தின் சுட்டெழுத்துகளும் அப்படித்தான். ‘அவன்’ யார் என்பது பேசும் இடம் தெரிந்தால்தான் விளங்கும்.

கலிபோர்னியாவின் ஒரு பள்ளியில் மேரி புகோல்ட்ஸ் கவனித்த படிப்பாளிப் பெண்கள், மற்றவர்கள் துரத்திய ‘கெத்’தை வேண்டாமென்று ஒதுக்கினார்கள். அவர்கள் ‘ட்’டை வெடிக்கவிட்டது அறிவுக்கு அடையாளமாக. அமெரிக்காவின் மரபுவழி யூதர்களிடம் சாரா பெனோர் கண்டது வேறு: மறைநூல் கற்று வாதாடப் பழகிய பையன்களிடம் அந்த வெடிப்பு பெண்பிள்ளைகளைவிட அதிகம். தெளிவு, கல்வி, பிடிவாதம், எரிச்சல், நறுவிசு என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் சாயல்களின் வெளியைப் பெனலோப்பி எக்கர்ட் 2008-இல் சுட்டுப்புலம் என்று அழைத்தார். பேசுகிறவர் அந்தப் புலத்திலிருந்து ஒன்றைப் பிடிக்கிறார். இடமும் கூட வரும் மற்ற ஒலிகளும் எது என்று முடிவு செய்கின்றன.

இந்தப் பார்வைக்குத்தான் மூன்றாம் அலை என்று பெயர். வில்லியம் லபோவ் 1960-களில் நியூயார்க்கில் தொடங்கிய முதல் அலை, வர்க்கம், வயது, பாலினம் என்று மக்களைப் பிரித்து ஒலிகளை எண்ணியது. இரண்டாம் அலை அந்தப் பெட்டிகளுக்குப் பதிலாக மக்கள் தாங்களே வகுத்துக்கொண்ட குழுக்களைத் தேடியது. டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளி ஒன்றில் எக்கர்ட் செய்த ஆய்வு அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. மூன்றாவதில் ஒலி குழுவின் முத்திரையாக இருப்பதை விட்டு, ஆள் கையிலெடுக்கும் பொருளாகிறது.

இதில் சறுக்கவும் இடமுண்டு. கீச்சுக்குரல் என்றால் தன்பால் ஈர்ப்பாளர் பேச்சு என்று படிப்பது முதல் சறுக்கல். நோயாளி முன்னால் இருந்தபோதும் ஹீத்தின் ஈர்ப்பு மாறவில்லை, மாறியது தோரணைதான். ‘ராணி’ என்று பெயர் வைப்பது ஆய்வாளரின் காது என்பது இரண்டாவது. மில்லிநொடிகளை அளக்கலாம், கேலியை அளக்க முடியாது. அதனால்தான் நண்பர்கள் எங்கே சிரித்தார்கள், எந்தக் கதைக்கு நடுவில் அந்த ‘ட்’ விழுந்தது என்பதையும் படித்தாக வேண்டியிருக்கிறது. ஒரே ஆளின் சில மணிநேரப் பேச்சிலிருந்து ஊருக்கு விதி எழுதவும் முடியாது.