காந்தம் பாதி, விரல் பாதி

ரியோ ஒலிம்பிக், 2016 ஆகஸ்ட் 19. டேக்வாண்டோவில் ஆண்கள் 80 கிலோ பிரிவின் இறுதிப் போட்டி. பிரிட்டனின் லுடாலோ முஹம்மது 6-4 என்று முன்னால் இருக்கிறார். கடிகாரத்தில் மிச்சம் ஒரே ஒரு நொடி. ஐவரி கோஸ்ட்டின் ஷேக் சல்லா சிசே அந்த ஒரு நொடிக்குள் முதுகைக் காட்டித் திரும்பி, காலைச் சுழற்றி, எதிராளியின் தலையில் பாதத்தைப் பதித்துவிட்டார். பலகை 8-6 என்று மாறியது. அந்த நாட்டுக்கு ஒலிம்பிக் வரலாற்றிலேயே அதுதான் முதல் தங்கம். லுடாலோ பிறகு கேமரா முன் அழுததை யாராலும் வேடிக்கை பார்க்க முடியவில்லை.

ஒரே உதைக்கு எப்படி நாலு புள்ளி? அதை யார் கொடுத்தது, இயந்திரமா மனிதரா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டால் டேக்வாண்டோ பார்ப்பது சுலபம். தெரியாதவரை, இரண்டு பேர் ஒற்றைக்காலில் நொண்டி நொண்டிக் குதிப்பது போலத்தான் இருக்கும்.

முதலில் இயந்திரத்தின் பங்கு. வீரர் மார்பில் கட்டியிருக்கும் நீலம் அல்லது சிவப்புக் கவசத்துக்குக் கொரிய மொழியில் ஹோகு என்று பெயர். பழைய ஹோகு வெறும் பஞ்சு மெத்தை. இப்போதைய ஹோகுவுக்குள் உணர்கருவிகள் இருக்கின்றன. முதுகுப் பக்கம் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டர். காலில் போடும் உறையை எல்லோரும் ‘எலெக்ட்ரானிக் சாக்ஸ்’ என்கிறார்கள், ஆனால் இன்று பரவலாக இருக்கும் வகையில் அதற்குள் இருப்பவை சின்னச் சின்னக் காந்தத் துண்டுகள்தான். பாதத்தின் சில குறிப்பிட்ட இடங்களில் அவை தைக்கப்பட்டிருக்கும்.

கவசம் இரண்டு விஷயங்களைக் கேட்கும். காந்தம் பக்கத்தில் வந்ததா? வந்தபோது போதுமான வேகத்தில் மோதியதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் புள்ளி. முழங்காலாலோ கணுக்காலுக்கு மேலே கீழ்க்காலாலோ எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அங்கே காந்தம் இல்லை, அதனால் பலகை அசையாது. ‘பட்’டென்று அரங்கமே அதிரும் உதை சில நேரம் சுழியாகப் போவதற்கு இதுதான் காரணம். அந்தச் சத்தம் கீழ்க்கால் எலும்பு போட்ட சத்தம். மறுபுறம், பாதம் மெல்ல உரசினால் காந்தம் தெரியும், வேகம் பற்றாது. எவ்வளவு வேகம் வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. எடைப் பிரிவையும், ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்து வரம்பை முன்கூட்டியே அமைத்துவிடுகிறார்கள். எடை கூடக்கூட வரம்பும் கூடும். 80 கிலோக்காரர் சும்மா காலைத் தூக்கி வைத்தாலே 49 கிலோக்காரரின் முழு உதை அளவுக்குப் பதிவாகிவிடும் அல்லவா, அதற்காகத்தான்.

ஒலிம்பிக்கில் மின்னணு ஹோகு முதலில் வந்தது லண்டன் 2012-ல். தலைக்கவசத்துக்குள் உணர்கருவி வைத்தது ரியோவில். இதெல்லாம் ஏன் தேவைப்பட்டது என்றால், பெய்ஜிங் 2008-ஐப் பார்த்தால் போதும். அங்கே காலிறுதியின் கடைசி நொடிகளில் பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன் உதைத்த உதை, இரண்டு முறை தங்கம் வென்ற சீன வீராங்கனை சென் ஜோங்கின் முகத்தில் பட்டது. தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது, நடுவர்கள் பார்க்கவில்லை. சென் ஜோங் வென்றதாக அறிவித்து, பிறகு முறையீட்டின்பேரில் வீடியோவைப் பார்த்து முடிவை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கூச்சலுக்குப் பிறகு மனிதக் கண்ணை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆனால் இயந்திரம் வந்துவிட்டது, இனி தகராறே இல்லை என்று நினைத்தவர்களுக்கு 2010 நவம்பரிலேயே பதில் கிடைத்தது. குவாங்ஜோ ஆசியப் போட்டியில் தைவானின் யாங் ஷு-சுன், வியட்நாம் வீராங்கனைக்கு எதிராக 9-0 என்று முன்னால் இருந்தார். முதல் சுற்று முடியச் சில நொடிகளே இருந்தன. திடீரென்று ஆட்டத்தை நிறுத்தி, அவர் சாக்ஸின் குதிகாலில் கூடுதல் உணர்கருவி ஒட்டப்பட்டிருப்பதாகச் சொல்லித் தகுதிநீக்கம் செய்தார்கள். போட்டிக்கு முந்தைய சோதனையில் அதே சாக்ஸ் தேறியதே என்று தைவான் தரப்பு கேட்டது. தைவான் தெருக்களில் தென்கொரியக் கொடிகள் எரிந்தன. குதிகாலில் ஒட்டிய ஒரு துண்டுக்கு அவ்வளவு மதிப்பு. ஏனென்றால் எந்த இடத்தில் உணர்கருவி இருக்கிறதோ அந்த இடத்தால் உதைத்தால்தான் புள்ளி. குதிகாலும் பேச ஆரம்பித்துவிட்டால் பின்னுதைக்கு ஒரு வாய் கூடுதல்.

இனி விலைப்பட்டியல். டோக்கியோவிலும் பாரிஸிலும் இருந்த கணக்கு இது: மார்பில் குத்து விட்டால் 1, மார்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. அதே மார்பு உதையை உடலைத் திருப்பிச் சுழன்று போட்டால் 4, தலைக்குச் சுழன்று போட்டால் 5. எதிராளி விதி மீறினால் ‘கம்ஜோம்’ என்று கூவி நமக்கு 1 கொடுப்பார்கள். கோட்டுக்கு வெளியே போவது, கீழே விழுவது, பிடித்து இழுப்பது எல்லாமே கம்ஜோம்தான்.

இந்தப் பட்டியலில் ஒரு ஓட்டை இருக்கிறது. காந்தத்துக்குப் பாதம் வந்தது தெரியும். அந்தப் பாதத்துக்குச் சொந்தக்காரர் வரும் வழியில் சுழன்றாரா, நேராக வந்தாரா என்பது அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. எனவே தலைக்கான 5 புள்ளியில் இயந்திரம் தருவது 3 மட்டுமே. மிச்சம் 2, ஆடுகளத்தின் ஓரத்தில் கையில் பொத்தான் கருவியோடு உட்கார்ந்திருக்கும் துணைநடுவர்களின் விரலில் இருக்கிறது. மூவரில் இருவராவது ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது சேரும். அவர்கள் அழுத்தியும் இயந்திரம் அடிப்படைப் புள்ளியைப் பதிவு செய்யவில்லை என்றால் அந்தக் கூடுதலும் செல்லாது. மெய்யும் உயிரும் சேர்ந்தால்தான் உயிர்மெய்.

குத்துக்கு நிலைமை தலைகீழ். கையுறையில் காந்தம் இல்லை. மார்பில் விழும் குத்து முழுக்க முழுக்க விரல் கணக்கு. அதனால்தான் வீரர்கள் குத்தியதும் ‘ஹா’ என்று கத்தி நடுவரைப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கத்தலில் பாதி விளம்பரம்.

ரியோவின் கடைசி நொடிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அப்போது விலை கொஞ்சம் வேறு: தலை உதைக்கு 3, சுழன்று போட்டால் கூடுதலாக 1. சிசே 4, லுடாலோ 6. தலையில் பட்டதற்கான 3 சேர்ந்த உடனேயே சிசே 7-க்குப் போய்விட்டார், ஆட்டம் முடிந்தது. சுழற்சிக்கான அந்த ஒரு புள்ளி வராமலே போயிருந்தாலும் தங்கம் அவருக்குத்தான். ஆனால் மார்பில் நேராக உதைத்திருந்தால்? அன்றைய விலையில் அதற்கு வெறும் 1. தோற்றிருப்பார். இரண்டு புள்ளி பின்தங்கியவருக்குக் கடைசி நொடியில் இருந்த வழி தலை அல்லது சுழற்சி. அவர் இரண்டையும் ஒன்றாகச் செய்தார்.

மார்பு உதைக்கு அன்று ஒரு புள்ளிதான் என்பது, இந்த விளையாட்டு பட்ட பாட்டின் ஒரு பகுதி. இயந்திரம் வந்ததும் ஆட்டக்காரர்கள் அதன் மனதைப் படித்துக்கொண்டார்கள். பயிற்சிக்கூடத்தில் பல வருடம் தேய்த்துக் கற்ற வட்ட உதையின் அழகு காந்தத்துக்குத் தெரியாது. முன்காலைத் தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டு, எதிராளி நெருங்கும்போதெல்லாம் பாதத்தால் இடித்தாலே போதும். நீண்ட கால் உள்ளவருக்குக் கொண்டாட்டம். இது கால் கத்திச்சண்டை, டேக்வாண்டோ அல்ல என்று பழைய ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். இன்னும் சிலர் ஒட்டிப் பிடித்து நிற்கும்போது முழங்காலை வெளியே மடக்கி, பாதத்தின் ஓரத்தால் எதிராளியின் கவசத்தைத் தட்டக் கற்றுக்கொண்டார்கள். குரங்கு உதை, மீன் உதை என்று அதற்குக் கேலிப்பெயர்கள் விழுந்தன. சண்டையில் அந்தத் தட்டலால் ஈகூடச் சாகாது, ஆனால் பலகையில் புள்ளி ஏறும்.

உலக டேக்வாண்டோ அமைப்பு இதை இரண்டு பக்கமாகக் கட்டியது. ஒன்று தடை: ஒட்டி நிற்கும்போது போடும் அந்தப் பக்கவாட்டு உதைகளுக்கும், காலை அந்தரத்தில் வைத்து எதிராளியின் ஆட்டத்தைக் கெடுப்பதற்கும் கம்ஜோம். இன்னொன்று விலையை மாற்றுவது. சுழன்று போடும் மார்பு உதைக்கு லண்டனில் 2, ரியோவில் 3, டோக்கியோவில் 4. இப்படிப் படிப்படியாக ஏற்றியபிறகு, முதுகைக் காட்டும் ஆபத்தை ஏற்பவர்கள் கூடினார்கள். அந்த ஆபத்து நிஜமானது. சுழலும்போது அரைக் கணம் எதிராளி கண்ணில் இருந்து மறைகிறார். தவறினால் திறந்த மார்பில் 2 வாங்கலாம், சறுக்கி விழுந்தால் கம்ஜோம்.

அதே சமயம் சாதாரண மார்பு உதையையும் 1-ல் இருந்து 2 ஆக்கினார்கள். இந்த மாற்றம் யாருக்கு வரமாக வந்தது என்று கேட்டால் தாய்லாந்து பனிபாக் வோங்பட்டனகிட்டைச் சொல்லலாம். டோக்கியோவில் 49 கிலோ இறுதி, எதிரில் 17 வயது ஸ்பெயின்காரி அட்ரியானா செரேசோ. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்க, செரேசோ 10, பனிபாக் 9. தலையும் வேண்டாம், சுழற்சியும் வேண்டாம் என்று மார்பில் ஒரே உதை. 11-10. பழைய விலையாக இருந்தால் அந்த உதை 10-10 என்று சமன் மட்டுமே செய்திருக்கும்.

பயிற்சியாளர் கையில் ஒரு அட்டை இருக்கும், வீடியோவைப் பார்க்கச் சொல்லி நீட்ட. அதை எதற்கு நீட்டுகிறார் என்று கவனித்தால் எது இயந்திரத்தின் அதிகாரம் என்று விளங்கிவிடும். முகத்தில் பாதம் பட்டதே, தலைக்கவசத்தின் திறந்த பகுதி என்பதால் பதிவாகவில்லையே என்று கேட்கலாம். சுழன்றுதானே உதைத்தான் என்றும் கேட்கலாம். மார்பில் பட்டதா, வேகம் போதுமா என்று கேட்டுப் பயனில்லை. அங்கே காந்தம் சொன்னதே தீர்ப்பு. கேட்டது சரியென்றால் அட்டை திரும்பக் கைக்கு வரும், தவறென்றால் போய்விடும். அதனால்தான் நல்ல பயிற்சியாளர் அட்டையைக் கஞ்சன் காசை வைத்திருப்பது போலப் பிடித்திருக்கிறார்.

பாரிஸ் 2024-ல் ஒவ்வொரு சுற்றும் தனித்தனி. மூன்றில் இரண்டு சுற்றை வென்றவருக்கு ஆட்டம். புள்ளி சமமாக ஒரு சுற்று முடிந்தால், யார் சுழன்று உதைத்து அதிகப் புள்ளி எடுத்தார் என்று முதலில் பார்க்கிறார்கள். அதிலும் சமன் என்றால் தலை, மார்பு, குத்து என்று உயர்ந்த விலையில் இருந்து இறங்கி வருகிறார்கள். அப்போதும் பிரியவில்லையா, இயந்திரத்தின் நினைவைத் திறக்கிறார்கள். கவசம் எத்தனை முறை பாதத்தை உணர்ந்தது என்ற எண்ணிக்கை அதற்குள் இருக்கிறது. வரம்பை எட்டாமல், பலகையில் ஏறாமல், பார்த்தவர்கள் ஒருவர்கூடக் கைதட்டாமல் போன உதைகளும் அதில் சேர்த்தி.