இலக்கைத் தொடாம சுத்திக்கிட்டே இருக்கும் ஏவுகணை... வீடியோ கேம்ல ஏன் இப்படி நடக்குது?

வீடியோ கேம் விளையாடுபவர்கள் ஒருமுறையாவது இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். எதிரி ஒரு ஏவுகணையை விடுகிறான். அது வளைந்து, நெளிந்து உங்களைத் தேடி வருகிறது. 'முடிஞ்சுது கதை' என்று நினைக்கும்போது, அது உங்கள் மீது மோதாமல் பக்கத்திலேயே வட்டமடிக்க ஆரம்பிக்கிறது. ஒரு சுற்று, பத்து சுற்று, நூறு சுற்று. நீங்கள் நின்ற இடத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம். அது மோதவும் மோதாது, போகவும் போகாது.

இலக்கைத் தானாகவே விரட்டிப் போகும் இந்த வகைக்கு 'ஹோமிங் மிசைல்' என்று பெயர். புதிதாக கேம் உருவாக்கப் பழகுபவர்கள் முதலில் செய்து பார்க்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. பலர் முதலில் மாட்டிக்கொள்வதும் இந்த வட்டத்தில்தான். இத்தனைக்கும் கோடில் எழுத்துப்பிழை எதுவும் இருக்காது. ஏவுகணை தனக்குச் சொன்னதை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருக்கும்.

அப்போ பிரச்சனை எங்கே இருக்கு?

ஏவுகணைக்குச் சொல்லப்பட்டது என்ன?

கேமில் வரும் பெரும்பாலான ஹோமிங் ஏவுகணைகளுக்கு இரண்டே இரண்டு கட்டளைகள்தான். ஒன்று, மூக்கை இலக்கை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. இரண்டு, மூக்கு காட்டும் திசையில் முன்னே போ. யூனிட்டி மென்பொருளில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```csharp
transform.rotation = Quaternion.RotateTowards(
    transform.rotation, look, turnSpeed * Time.deltaTime);
transform.position += transform.forward * speed * Time.deltaTime;
```

இதில் `speed` என்பது முன்னே போகும் வேகம். `turnSpeed` என்பது ஒரு வினாடிக்கு எத்தனை டிகிரி திரும்பலாம் என்ற வரம்பு. இந்த வரம்பு இல்லையென்றால் ஏவுகணை நின்ற இடத்தில் 'டக்'கென்று திரும்பி நேராக வந்து மோதிவிடும், பார்க்க நன்றாக இருக்காது. அழகாக வளைந்து வரவேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரம்பை வைக்கிறார்கள். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரவுண்டானா கணக்கு

ஒரு காலி மைதானத்தில் ஆட்டோ ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டிலை வலது பக்கம் முழுசாக ஒடித்துவிட்டீர்கள், அதற்கு மேல் திரும்பாது. அப்படியே ஓட்டினால் ஆட்டோ ஒரு வட்டம் போடும். அந்த வட்டத்துக்கு உள்ளே உங்கள் நண்பர் நிற்கிறார். நடு மையத்தில்தான் நிற்கவேண்டும் என்பதில்லை, உள்ளே எங்கே நின்றாலும் சரி.

இப்போது நீங்கள் வட்டத்தில் எந்த இடத்தில் இருந்தாலும் நண்பர் உங்களுக்கு வலது பக்கமாகத்தான் தெரிவார். ஒருமுறைகூட நேர் எதிரே வரமாட்டார், இடது பக்கமும் போகமாட்டார். 'நண்பர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பு' என்பதுதான் உங்களுக்குக் கொடுத்த கட்டளை என்றால், வலது பக்கமே திரும்பிக்கொண்டிருப்பீர்கள். பெட்ரோல் தீரும்வரை நண்பரைத் தொட முடியாது.

ஏவுகணைக்கு நடப்பதும் இதேதான். கேமில் பெட்ரோல் தீராது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

எண்களை வைத்துப் பார்ப்போம்

ஏவுகணையின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர், திரும்பும் வரம்பு வினாடிக்கு 90 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்று 360 டிகிரி, எனவே சுற்றி முடிக்க 4 வினாடி ஆகும். அந்த 4 வினாடியில் அது போகும் தூரம் 80 மீட்டர். அதாவது வட்டத்தின் சுற்றளவு 80 மீட்டர், ஆரம் சுமார் 12.7 மீட்டர், விட்டம் 25 மீட்டருக்கும் மேலே. இந்த ஏவுகணையால் இதைவிடச் சின்ன வட்டம் போடவே முடியாது.

எதிரி, ஏவுகணைக்குச் சரியாக வலது பக்கத்தில் 10 மீட்டர் தள்ளி நிற்கிறான். விட்டம் 25 மீட்டர் என்பதால் அவன் வட்டத்துக்குள் வசமாக இருக்கிறான். வட்டத்தின் மையத்திலிருந்து அவன் இருப்பது 2.7 மீட்டர் தூரத்தில்தான். ஏவுகணை அவனுக்கு 10 மீட்டர் வரை கிட்டே வரும், 15 மீட்டர் வரை விலகிப்போகும். இப்படியே காலம் முழுக்க.

சரி, திரும்பும் வரம்பை இரண்டு மடங்காக்கி 180 டிகிரி கொடுத்தால்? இப்போது ஒரு சுற்றுக்கு 2 வினாடி, சுற்றளவு 40 மீட்டர், விட்டம் சுமார் 12.7 மீட்டர். எதிரி நிற்பது 10 மீட்டரில், அப்பவும் உள்ளேதான்! வட்டம் சிறிதாகி, ஏவுகணை இன்னும் கிட்டே வந்து போகும். மோதாது. பலர் இந்த இடத்தில்தான் 'இரண்டு மடங்கு கொடுத்தும் சரியாகலையே, அப்போ காரணம் வேற எதுவோ' என்று முடிவுகட்டி வேறு எங்கெங்கோ தேடப் போகிறார்கள்.

240 டிகிரி கொடுத்துப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒன்றரை வினாடி, சுற்றளவு 30 மீட்டர், விட்டம் சுமார் 9.5 மீட்டர். எதிரி வட்டத்துக்கு வெளியே வந்துவிட்டான். ஏவுகணை முக்கால்வாசி வளைவதற்குள் மூக்கு அவனை நேராகப் பார்த்துவிடும், அதோடு ஆட்டம் முடிந்தது.

நாம் போட்ட கணக்கு, எதிரி சரியாகப் பக்கவாட்டில் அசையாமல் நிற்கும்போது பொருந்தும். தூரத்தில், நேர் எதிரே இருப்பவனை எந்த ஏவுகணையும் சுற்றாது, நேராகப் போய் மோதிவிடும். அதனால்தான் சோதனையில் நன்றாக வேலை செய்த ஏவுகணை, விளையாடுபவர் கடைசி நொடியில் பக்கவாட்டில் தாவும்போது வட்டத்தில் விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு பயந்து ஓடுகிறவன் வட்டத்தை விட்டு வெளியே வந்து அடி வாங்குவான். அசையாமல் நிற்கிறவன் தப்பித்துக்கொள்வான்.

'ரொம்ப வேகமா திரும்புது' என்பது சரியா?

திரையில் பார்க்கும்போது ஏவுகணை விடாமல் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதைப் பார்த்ததும் 'திரும்பும் வேகம் அதிகமாயிடுச்சு, முன்னே போற வேகம் பத்தல' என்றுதான் தோன்றும். அப்படி நினைத்து `turnSpeed` மதிப்பைக் குறைத்தாலோ, `speed` மதிப்பைக் கூட்டினாலோ வட்டம் இன்னும் பெரிதாகும். உண்மையில் திருப்பத்தில் அது போகும் வேகம்தான் அதிகம். அந்த வேகத்துக்குத் தேவையான அளவு திரும்பவில்லை.

ஆனால் மூக்கு நன்றாகவே திரும்பி, அப்படியும் வட்டமடிக்கும் இன்னொரு வகை உண்டு. அதில் ஏவுகணையைத் திசைக்கு நகர்த்தாமல், மூக்கு காட்டும் பக்கம் விசை கொடுத்துத் தள்ளுவார்கள். மூக்கு உடனே இலக்கைப் பார்த்துவிடும், ஆனால் ஏற்கெனவே இருந்த பக்கவாட்டு வேகம் குறையாது. பூமியைச் செயற்கைக்கோள் சுற்றுவதுபோல இதுவும் சுற்றும். இங்கே `turnSpeed` எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. பக்கவாட்டு வேகத்தைத்தான் குறைக்கவேண்டும்.

இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப சிம்பிள். சுற்றும்போது விளையாட்டை நிறுத்தி மூக்கைப் பாருங்கள். மூக்கு போகிற பாதையிலேயே நீட்டிக்கொண்டு, இலக்கு பக்கவாட்டில் இருந்தால் முதல் வகை. மூக்கு இலக்கையே பார்த்தபடி, உடம்பு மட்டும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனால் இரண்டாவது வகை.

நிஜ ஏவுகணை இப்படிச் சுத்துமா?

சுற்றாது. ஆனால் அதற்குக் காரணம் அது சின்ன வட்டம் போடும் என்பதல்ல. வினாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் போகும் ஏவுகணை, புவியீர்ப்பைப் போல 30 மடங்கு விசையுடன் திரும்பினாலும் அதன் வளைவின் ஆரம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகும் போர் விமானம் 8 மடங்கு விசையில் திரும்பினால் ஆரம் சுமார் 800 மீட்டர்தான். அதாவது விமானம்தான் சின்ன வட்டம் போடுகிறது.

இதனால்தான் நிஜ ஏவுகணைகள் இலக்கு இருக்கும் இடத்தை நோக்கிப் போவதில்லை. இலக்கு தெரியும் திசை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்து, அதைப்போலப் பொதுவாக 3 முதல் 5 மடங்கு வேகத்தில் தன் பாதையைத் திருப்பும். இதனால் இலக்கு வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய்விடும், கடைசி நேரத்தில் பெரிய திருப்பம் தேவைப்படாது. அப்படியும் தவறவிட்டால் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அபூர்வம். சின்ன ரக ஏவுகணைகளின் மோட்டார் சில வினாடிகளில் எரிந்து முடிந்துவிடும். இலக்கைத் தேடும் கருவியும் முன்பக்கம் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குள்தான் பார்க்கும், இலக்கு அதைத் தாண்டிப் பக்கவாட்டிலோ பின்னாலோ போய்விட்டால் கண்ணுக்கே தெரியாது.

கேம்ல எப்படிச் சரி செய்றாங்க?

திரும்பும் வரம்பை நேரம் ஆக ஆகக் கூட்டுவது ஒரு வழி. ஏவுகணை வட்டமடிக்க ஆரம்பித்தாலும், வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் இலக்கு வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, ஆட்டோக்காரர் செய்வதுதான்: திருப்பத்தில் வேகத்தைக் குறைப்பது. நம் உதாரணத்தில் 90 டிகிரி வரம்பை மாற்றாமல், மூக்குக்கும் இலக்குக்கும் இடையே 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும்வரை வேகத்தை வினாடிக்கு 5 மீட்டராக வையுங்கள். விட்டம் சுமார் 6.4 மீட்டராகச் சுருங்கிவிடும். 10 மீட்டரில் நிற்பவன் வெளியே இருப்பான். ஏவுகணை மெதுவாகத் திரும்பி, நேராகப் பார்த்ததும் 20 மீட்டர் வேகத்துக்குத் தாவி, மொத்தம் ஒன்றரை வினாடியைக் கொஞ்சம் தாண்டியதும் மோதிவிடும். பார்க்கவும் மிரட்டலாக இருக்கும். எங்களைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி. வரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு 500, 600 என்று கூட்டினால் ஏவுகணையிடமிருந்து யாருமே தப்பிக்க முடியாது, விளையாட்டில் சுவாரசியம் போய்விடும்.

எந்த வழியை எடுத்தாலும் ஏவுகணைக்கு ஓர் ஆயுளும் வைத்துவிடுவார்கள், உதாரணமாக 8 வினாடி. அதற்குள் மோதவில்லை என்றால் அதுவே வெடித்துவிடும். இது இல்லாத கேமில் வட்டமடிக்கும் ஏவுகணைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் புகையும் சத்தமும் கணக்கிட்டுக் கணக்கிட்டுப் போன் சூடாகி, கேம் திக்கித் திணற ஆரம்பிக்கும்.