ஒரு கோல் வித்தியாசத்தின் விலை

ஐரோப்பியக் கால்பந்து ஆட்டங்களுக்குப் பந்தய நிறுவனங்கள் போடும் விலைப்பட்டியலில், பலமான அணியின் பெயருக்கு நேரே -1 என்றொரு வரி இருக்கும். ஏசியன் ஹேண்டிகேப் என்று அதற்குப் பெயர். அந்த அணி ஒரு கோல் கடனோடு களமிறங்குவதாகக் கணக்கு. இரண்டு கோலோ அதற்கு மேலோ முந்தி வென்றால் அதன்மேல் பணம் கட்டியவருக்கு லாபம். சரியாக ஒரே கோலில் வென்றால் கட்டிய தொகை அப்படியே திரும்பக் கிடைக்கும். டிராவானாலோ தோற்றாலோ போனது போனதுதான். பக்கத்திலேயே -1.5 என்று இன்னொரு வரி. யாராலும் அரை கோல் போட முடியாது என்பதால் அங்கே பணம் திரும்புகிற பேச்சே இல்லை.

இந்த வரிகளுக்கு விலை வைப்பவர், யார் வெல்வார் என்று மட்டும் தெரிந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கோலில் வெல்ல எவ்வளவு வாய்ப்பு, இரண்டில் எவ்வளவு, மூன்றில் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

வேலை இரண்டு எண்களில் தொடங்குகிறது. சொந்த மைதானத்தில் ஆடும் அணி சராசரியாக 1.7 கோல் போடும், எதிரணி 1.1 கோல் போடும் என்று மதிப்பிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அணிகளின் பழைய ஆட்டங்கள், தாக்குதல் பலம், தற்காப்பு, மைதானச் சாதகம் ஆகியவற்றிலிருந்து இந்தச் சராசரிகள் வரும். 1982இல் மாஹர் என்ற புள்ளியியலாளர் காட்டிய வழி இது. சராசரி தெரிந்துவிட்டால், அரிதாகவும் தனித்தனியாகவும் நடக்கும் நிகழ்ச்சிகளை எண்ணப் பயன்படும் பாய்சான் பரவல் மீதியைச் சொல்லிவிடும். சராசரி 1.7 கொண்ட அணி ஒரு கோலும் போடாமலிருக்க 18 விழுக்காடு, ஒன்று போட 31, இரண்டு போட 26 என்று போகும். எதிரணிக்கு அதே வரிசையில் 33, 37, 20.

இனி ஒரு கட்டம் வரைய வேண்டும். வரிசைகளில் ஓர் அணியின் கோல்கள், நெடுக்கில் மற்றதன் கோல்கள். இரு அணிகளின் கோல்களும் ஒன்றையொன்று சார்ந்தவை இல்லை என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு நிகழ்தகவுகளின் பெருக்கல் உட்காரும். 1-0, 2-1, 3-2 எல்லாம் ஒரே மூலைவிட்டத்தில் வரும். ஒரு கோல் வெற்றிகள் அவை. 0-0, 1-1, 2-2 பக்கத்து மூலைவிட்டத்தில். மூலைவிட்டங்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் கோல் வித்தியாசத்தின் பரவல் கையில் வந்துவிடும். இரண்டு பாய்சான் எண்களின் வித்தியாசம் எப்படிப் பரவும் என்பதற்கு 1946இலேயே ஸ்கெல்லம் நேரடிச் சூத்திரம் எழுதியிருக்கிறார். ஆனாலும் கட்டம் போட்டுக் கூட்டுவதே நல்லது. ஏன் என்பது பின்னால் தெரியும்.

நம் ஆட்டத்தில் கூட்டிப் பார்த்தால் டிராவுக்கு 24.0 விழுக்காடு. சொந்த மைதான அணி ஒரு கோலில் வெல்ல 23.5, இரண்டில் 15.7, மூன்றில் 7.8, நான்கும் அதற்கு மேலும் 4.4. எதிரணி வெல்ல மொத்தம் 24.6. வெற்றி வித்தியாசச் சந்தைக்கு இதுவே நேரடி விலைப்பட்டியல்: 100ஐ விழுக்காட்டால் வகுத்தால் போதும். ஒரு கோல் வெற்றிக்கு ஒரு ரூபாய்க்கு 4.25 ரூபாய், இரண்டு கோலுக்கு சுமார் 6.36. நிறுவனம் தன் லாபத்துக்காக இந்த விலைகளைக் கொஞ்சம் குறைத்துத்தான் வெளியிடும்.

ஹேண்டிகேப் வரிகளில் -1.5 எளிது. இரண்டும் அதற்கு மேலும் சேர்த்தால் 27.9 விழுக்காடு, நியாயமான விலை 3.59. ஆனால் -1 வரியில் திரும்பக் கிடைக்கும் 23.5 விழுக்காட்டை வெற்றியிலும் சேர்க்கக் கூடாது, தோல்வியிலும் சேர்க்கக் கூடாது. மீதியுள்ள 48.6 தோல்வியை 27.9 வெற்றியால் வகுத்து, கட்டிய ஒரு ரூபாயைக் கூட்ட வேண்டும்: 2.74. அப்புறம் -0.75 என்று ஒரு விசித்திரப் பிறவியும் உண்டு. கட்டிய பணத்தில் பாதி -0.5இலும் பாதி -1இலும் போகும். ஒரு கோல் வெற்றி வந்தால் ஒரு பாதி ஜெயிக்கும், மறுபாதி திரும்பும். ஆகவே அந்த 23.5இல் பாதியை மட்டும் வெற்றிப் பக்கம் சேர்த்தால் விலை 2.23 என்று விழும்.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் சறுக்குகிறார்கள். வெற்றி வாய்ப்பு தெரிந்தால் ஹேண்டிகேப்பும் தெரிந்துவிடும் என்று தோன்றும். இன்னோர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம்: இரண்டும் தற்காப்பில் கெட்டியான அணிகள், சராசரிகள் 1.3, 0.7. இடைவெளி அதே 0.6 கோல்தான். வெற்றி வாய்ப்பும் 51.0 விழுக்காடு, முதல் ஆட்டத்தில் 51.4. வெற்றிச் சந்தையில் இரண்டும் இரட்டைப் பிறவிகள். ஆனால் இரண்டு கோலோ அதற்கு மேலோ முந்தி வெல்லும் வாய்ப்பு 27.9இலிருந்து 24.1 ஆகிவிடுகிறது, -1.5இன் விலை 3.59இலிருந்து 4.16க்கு ஏறுகிறது. காரணம் எளிது. கோல் வித்தியாசம் எவ்வளவு சிதறும் என்பதை இரு சராசரிகளின் கூட்டுத்தொகை தீர்மானிக்கிறது; 2.8 கோல் எதிர்பார்க்கும் ஆட்டத்தைவிட 2 கோல் எதிர்பார்க்கும் ஆட்டம் இறுக்கமானது. மொத்த கோல்களைப் பார்க்காமல் ஹேண்டிகேப்புக்கு விலை வைப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்.

ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானமும் முழு உண்மை இல்லை. மார்க் டிக்சனும் ஸ்டூவர்ட் கோல்ஸும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் கவனித்தார்கள். இங்கிலாந்து ஆட்டங்களில் 0-0, 1-1 முடிவுகள் கணக்கு சொல்வதைவிட அதிகமாகவும், 1-0, 0-1 குறைவாகவும் வந்தன. அந்த நான்கு பெட்டிகளை மட்டும் தொட்டுத் திருத்த அவர்கள் ஒரு வழி தந்தார்கள். கட்டம் போடுவது நல்லது என்றது இதற்காகத்தான். ஸ்கெல்லம் சூத்திரத்துக்குள் இந்த நான்கு பெட்டிகளையும் தனியே பிடிக்க முடியாது. நம் உதாரணத்தில் திருத்த அளவை 0.1 என்று வைத்தால், நான்கு பெட்டிகளும் தலா 1.14 விழுக்காடு நகர்கின்றன. டிரா 24.0இலிருந்து 26.3 ஆகிறது, ஒரு கோல் வெற்றி 22.4க்கு இறங்குகிறது. -0.5இன் விலை 1.95இலிருந்து 1.99, -1இன் விலை 2.74இலிருந்து 2.78. -1.5 மட்டும் ஒரு பைசாகூட அசையவில்லை. திருத்தம் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே மட்டுமே சரக்கை மாற்றுகிறது. இரண்டு கோலைத் தாண்டிய பக்கத்தை அது தீண்டுவதே இல்லை. இரண்டு நிறுவனங்களின் பட்டியல்கள் -1.5இல் ஒத்துப்போய் -0.5இல் மட்டும் பிரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தத் திருத்தத்தை.

தூரத்து வித்தியாசங்களில் வேறு வகைத் தொல்லை. சவுத்தாம்ப்டன் அணி 2019 அக்டோபரில் லெஸ்டரிடம் 0-9 என்றும், 2021 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-9 என்றும் தோற்றது. முதல் ஆட்டத்தில் ரையன் பெர்ட்ராண்ட் 12ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை பெற்றார். இரண்டாவதில் ஜான்கெவிட்ஸ் இரண்டாம் நிமிடத்திலேயே வெளியேறினார். ஆட்டத்துக்கு முன் எழுதிய சராசரிகள் அந்தக் கணமே செல்லாக்காசு. சராசரி ஆட்டம் முழுதும் மாறாது என்பது பாய்சானின் நிபந்தனை. பத்துப் பேராகிவிட்ட அணி அதை உடைத்துவிடுகிறது. அதனால் ‘நான்கும் அதற்கு மேலும்’ என்ற பெட்டிக்குக் கணக்கு சொன்ன 4.4 விழுக்காட்டை அப்படியே நம்பி 22க்கு மேல் விலை தருவது ஆபத்து. அந்தப் பெட்டியின் விலையை மற்றவற்றைவிடக் கூடுதலாகக் குறைத்து வைப்பதில் வெறும் பேராசை மட்டும் இல்லை.